ஒரு பிடிஎஃப் கோப்பின் நடுவே வேறொரு கோப்பின் பக்கங்களைச் சரியான இடத்தில் செருகுவது எப்படி?

இரண்டு பிடிஎஃப் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவதற்குக் கருவிகள் ஏராளம். முதல் கோப்பின் நடுவில், குறிப்பிட்ட ஒரு பக்கத்திற்கு அடுத்தபடியாக, இரண்டாம் கோப்பின் சில பக்கங்களை மட்டும் நுழைக்க வேண்டும் என்றால்தான் தடுமாற்றம் வருகிறது. அண்மையில் ஒரு நீண்ட அறிக்கையில் திருத்திய அட்டவணைகளைச் சேர்க்க நேர்ந்தபோது நான் பின்பற்றிய முறையை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

அறிக்கையின் பெயர் arikkai.pdf, மொத்தம் 212 பக்கங்கள். அட்டவணைகள் attavanai.pdf என்ற கோப்பில் 3 முதல் 8 வரையுள்ள ஆறு பக்கங்களில் இருந்தன. அறிக்கையில் "86" என்று அச்சாகியிருக்கும் பக்கம் முடிந்தவுடன் அவை வர வேண்டும்.

இந்த வேலைக்கு நான் விரும்புவது `qpdf` என்ற இலவசக் கருவி. உபுண்டுவில் `sudo apt install qpdf`, மேக்கில் ஹோம்பிரூ இருந்தால் `brew install qpdf` என்று கொடுத்து நிறுவிக்கொள்ளலாம். விண்டோசுக்கான கோப்பு அதன் கிட்ஹப் பக்கத்தில் கிடைக்கிறது. இது பக்கங்களை மறுபடி வரைவதில்லை. உள்ளபடியே எடுத்து வைக்கிறது. அதனால் எழுத்துருவும் படங்களின் தரமும் மாறுவதில்லை.

முதல் படி: உண்மையான பக்க எண்ணைக் கண்டுபிடித்தல்

பெரும்பாலான பிழைகள் இந்தப் படியில்தான் நேர்கின்றன. கருவிக்குத் தாளில் அச்சாகியிருக்கும் எண் தெரியாது. கோப்பின் முதல் பக்கத்தை 1 என்று தொடங்கி வரிசையாக எண்ணுவது மட்டுமே அதற்குத் தெரியும். என் அறிக்கையில் அட்டை, முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து முதல் 14 பக்கங்களை எடுத்துக்கொண்டன. அவற்றுக்குப் பிறகே "1" என்ற எண் தொடங்குகிறது. எனவே "86" என்று அச்சாகியிருக்கும் பக்கம் கோப்பில் 86 + 14, அதாவது 100-ஆம் பக்கம். இதைக் கவனிக்காமல் 86 என்றே கட்டளையில் கொடுத்தால், அட்டவணைகள் பதினான்கு பக்கங்கள் முன்னதாகவே, வேறோர் இயலின் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். கருவி எந்த எச்சரிக்கையும் தராது, ஏனெனில் அதன் பார்வையில் எந்தத் தவறும் நடக்கவில்லை.

இந்தக் கூட்டல் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். சில கோப்புகளில் இயல்களுக்கு இடையே எண்ணிடாத படத்தாள்கள் இருக்கும். அப்போது வித்தியாசம் நடுவழியில் மாறிவிடும். பிடிஎஃப் வாசிப்பானில் அந்தப் பக்கத்தையே திறந்து, மேலே அல்லது ஓரத்தில் காட்டப்படும் எண்ணைப் பாருங்கள். கோப்புக்குள் பக்க எண் முறை பதிவாகியிருந்தால் "86 (100 of 212)" என்பதைப் போல இரண்டு எண்கள் தெரியும். அவற்றில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 100-தான் நமக்கு வேண்டியது. செருகும் கோப்பிலும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

மொத்தப் பக்கங்களை அறிய:

```
qpdf --show-npages arikkai.pdf
```

இரண்டாம் படி: கட்டளை

செருகுதல் என்று தனியாக ஒரு வசதி இதில் இல்லை. அறிக்கையின் முற்பகுதி, அட்டவணைகள், அறிக்கையின் பிற்பகுதி என்று மூன்று துண்டுகளை வரிசையாக அடுக்கச் சொல்கிறோம்:

```
qpdf arikkai.pdf --pages . 1-100 attavanai.pdf 3-8 . 101-z -- puthiyathu.pdf
```

புள்ளி என்பது முதலில் பெயர் சொல்லப்பட்ட கோப்பையே, அதாவது arikkai.pdf-ஐக் குறிக்கிறது. `z` என்பது கடைசிப் பக்கம். பக்கப் பட்டியல் முடிந்ததும் வரும் இரட்டைக் கோடு கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிட்டால் puthiyathu.pdf என்பதையும் செருக வேண்டிய இன்னொரு கோப்பாகவே கருவி எடுத்துக்கொள்ளும். கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள்.

இணையத்தில் பல இடங்களில் இதே வேலைக்கு `--empty` என்று தொடங்கும் கட்டளையைக் காணலாம். பக்கங்கள் அதிலும் சரியாகவே சேரும். ஆனால் அது வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்குவதால், அறிக்கையின் பக்கவாட்டில் தெரியும் புத்தகக்குறிகளும் தலைப்பு, ஆசிரியர் முதலான விவரங்களும் புதிய கோப்பில் இருக்காது. மேலே உள்ளபடி அறிக்கையையே முதல் கோப்பாகக் கொடுத்தால் அவை நிலைக்கும். புத்தகக்குறிகள் பக்க எண்ணைச் சுட்டாமல் பக்கத்தையே சுட்டும் வகையில் பொதுவாக அமைந்திருப்பதால், ஆறு பக்கங்கள் தள்ளிப்போன பிறகும் அவை உரிய இடத்துக்கே கொண்டுசெல்கின்றன. அட்டவணைக் கோப்பின் புத்தகக்குறிகள் மட்டும் வந்து சேராது.

மூன்றாம் படி: சரிபார்த்தல்

முதலில் கணக்கைப் பாருங்கள். 100 + 6 + 112 = 218. புதிய கோப்பிலும் 218 பக்கங்கள் இருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்துவிட்டால் இடமும் சரி என்று பொருளாகாது. ஆகவே இரண்டு ஒட்டுவாய்களையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். 100-ஆம் பக்கத்தின் கடைசி வரிக்குப் பின் 101-இல் முதல் அட்டவணை வருகிறதா, 106-இல் கடைசி அட்டவணை முடிந்து 107-இல் "87" என்று அச்சான பக்கம் தொடங்குகிறதா என்று பாருங்கள். 100-ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியம் முடியாமல் அடுத்த பக்கத்திற்கு ஓடுகிறது என்றால், செருகும் இடத்தையே மறுபடி யோசிக்க வேண்டும்.

அச்சான எண்களையோ பொருளடக்கத்தையோ இந்த முறை மாற்றாது. "87" என்பது "87" ஆகவே நிற்கும். பொருளடக்கமும் பழைய எண்களோடு பொருந்தியே இருக்கும். இதை நான் குறையாகக் கருதவில்லை. செருகும் பக்கங்களுக்கு அவற்றின் மூலக் கோப்பிலேயே 86அ, 86ஆ என்று எண்ணிட்டுவிட்டால் வாசகருக்கு எந்தக் குழப்பமும் இராது.

கட்டளை எழுதத் தயங்குபவர்கள் பிடிஎஃப் அரேஞ்சர் என்ற இலவசச் செயலியில் பக்கங்களின் சிற்றுருவங்களை இழுத்துவைத்துச் செய்யலாம். சிறிய கோப்புகளுக்கு அது போதும். சேமித்த பிறகு புத்தகக்குறிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சிடும் வழியாகப் பிடிஎஃப் ஆக்கிச் சேர்க்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அதில் புத்தகக்குறிகளும் சொடுக்கத்தக்க இணைப்புகளும் பொதுவாக அழிந்துவிடும்.

பின்னர் சேர்த்தவை

செருகும் கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தக் கோப்பின் பெயரை அடுத்து, பக்க எண்களுக்கு முன்பாக, `--password=` என்று எழுதி இடைவெளியின்றிக் கடவுச்சொல்லைச் சேர்க்க வேண்டும்.

இரு பக்கமும் அச்சிடும்போது அடுத்த இயல் தாளின் பின்புறத்தில் தொடங்கிவிடுகிறது என்று மற்றொருவர் எழுதியிருந்தார். அவர் செருகியது ஐந்து பக்கங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் செருகினால் அதற்குப் பின்வரும் பக்கங்கள் எல்லாம் முன்புறம் பின்புறமாக மாறிவிடும். அறிக்கையிலேயே வெற்றுப் பக்கம் ஒன்று இருந்தால், எடுத்துக்காட்டாக அது 2-ஆம் பக்கம் என்றால், அதையே மீண்டும் பயன்படுத்தி எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கலாம்:

```
qpdf arikkai.pdf --pages . 1-100 attavanai.pdf 3-7 . 2 . 101-z -- puthiyathu.pdf
```

மின்கையொப்பம் இட்ட கோப்பில் இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு பக்கத்தைச் செருகினாலும் அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும். பக்கங்களைச் சேர்த்து முடித்த பிறகே கையொப்பம் பெற வேண்டும்.