ஓடிபி வரம்பு: எண்ணை மட்டும் எண்ணாதீர்கள்

போன வாரம் பெருங்குடி அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த இருவர் எழுதிய பதிவுப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு மொபைல் எண்ணுக்கு மணிக்கு 3 ஓடிபி. வேறு வரம்பே இல்லை. நானும் ஒருகாலத்தில் இப்படித்தான் எழுதினேன். டைமரை பிரவுசரில் மட்டும் வைப்பது போன்ற தவறுகளை யாரும் சொல்லித் தருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

எண்ணுக்கு மட்டும் வரம்பு

ஒரு திங்கட்கிழமை காலை, பறக்கும் ரயிலில் வரும்போது எஸ்எம்எஸ் கணக்கில் பணம் தீர்ந்துவிட்டதாக மெயில் வந்தது. லாக்கைத் திறந்தால், சனி இரவிலிருந்து ஒரே வெளிநாட்டு எண்கள். கடைசி இலக்கங்கள் 000, 001, 002 என்று வரிசையாக ஏறின. ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு முறைதான் ஓடிபி கேட்டிருந்தது. என் வரம்பில் ஒன்றுகூட மாட்டவில்லை.

உள்ளூர் எஸ்எம்எஸ்ஸுக்குச் சில பைசாதான். சில நாடுகளுக்கு ஒவ்வொன்றும் பல ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு பங்கு வழியில் இருக்கும் இடைத்தரகருக்கும், அவர் மூலமாக மோசடிக்காரருக்கும் போகிறது. செய்தி போனாலே அவர்களுக்குப் போதும், ஓடிபி தேவையில்லை. அந்த இரண்டு நாளில் ஒருவர்கூட ஓடிபியைப் பதியவில்லை என்பது பிறகுதான் கண்ணில் பட்டது.

இன்றும் எரிச்சல் தருவது இதுதான்: எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். +91 தவிர வேறு எண்ணை ஏற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை எழுதியிருந்தால் போதும்.

வெளிநாட்டு எண்களும் வேண்டும் என்றால், கடைசி 3 இலக்கத்தை வெட்டிவிட்டு மீதியை எண்ணுங்கள். அப்போது 1000 எண்கள் சேர்ந்து ஒரே கணக்கில் வரும். ரெடிஸில் இப்படி:

```
MULTI
SET otp:pre:99900012345 0 EX 3600 NX
INCR otp:pre:99900012345
EXEC
```

`INCR` தரும் எண் 5-ஐத் தாண்டினால் அனுப்பாதீர்கள். கணக்கைக் கூட்டிய பிறகே அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டுக் கூட்டினால், ஒரே நொடியில் வரும் ஐம்பது கோரிக்கையும் உள்ளே போய்விடும்.

ஐபியை மட்டும் நம்புவது

மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபிக்குப் பின்னால் நிறையப் பேர் இருப்பார்கள். வரம்பை இறுக்கினால் உண்மையான பயனர் மாட்டுவார், ப்ராக்ஸி மாற்றுகிறவர் தப்பிப்பார்.

எண்ணைச் சீராக்காமல் எண்ணுவது

0-வில் தொடங்கியதும் +91-இல் தொடங்கியதும் ஒரே ஆள்தான். முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள்.

அழைப்பில் ஓடிபி

அதற்கும் அதே கணக்கு. இல்லாவிட்டால் அந்த வழியாக வருவார்கள்.

சரிபார்ப்பு விகிதத்தைப் பார்க்காதது

அனுப்பியவற்றில் எத்தனை ஓடிபி சரிபார்க்கப்பட்டது என்பதை நாடுவாரியாக, மணிக்கொருமுறை பாருங்கள். எங்களுக்குச் சாதாரண நாளில் பத்துக்கு ஏழெட்டு வரும். அது சட்டென்று பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் அந்த நாட்டை மட்டும் தானாகவே நிறுத்தும்படி எழுதுங்கள், சனி இரவில் அதைப் பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள். இருவரிடமும் இதையும் சொல்லி, முதலில் +91 நிபந்தனையைப் போடச் சொன்னேன். அன்று மாலையே போட்டுவிட்டார்கள்.