நாட்டுல நிலம் வாங்கறீங்களா? செக் எப்போ, டிடி எப்போ

புதுசா கல்ஃப் வந்து கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்ம நாகர்கோவில், தக்கலை ஆளுகளுக்கு முதல்ல தோணுறது ஊர்ல நாலஞ்சு சென்ட் வாங்கிப் போடணும்னுதான். விலை பேசி முடிச்ச பொறவு விக்கிறவரு "பத்திரத்தன்னைக்கு செக் வேண்டாம், டிடிதான் வேணும்"னு சொல்லுவாரு. நம்மள நம்பலைன்னு கோபப்படாதீங்க, அவர் கேக்குறது நியாயம்தான்.

செக்குங்கறது என் கணக்குல இருந்து குடுங்கன்னு நாம எழுதிக் குடுக்கற சீட்டு, அவ்வளவுதான். கணக்குல பணம் இல்லன்னா திரும்பிரும், நாமளே பேங்குல சொல்லி நிறுத்தவும் முடியும். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தும் கைரேகையும் வச்சு நிலம் நம்ம பேருக்கு மாறுன பொறவு செக் திரும்புச்சுன்னா அவரு நோட்டீஸ் அனுப்பி 138-வது பிரிவுல கேஸ் போட்டு கோர்ட்டுக்கு நடக்கணும். டிடிங்கறது பேங்கே எழுதிக் குடுக்கற சீட்டு, அதுக்கான பணத்த பேங்க் முன்னாடியே நம்ம கணக்குல இருந்து எடுத்துருது, அதனால பணம் இல்லன்னு திரும்ப வராது.

தக்கலை பக்கம் அண்ணன், தங்கச்சி ரெண்டு பேரு, ஆக மூணு பேருக்குப் பங்கு உள்ள 6 சென்ட், மொத்தம் 18 லட்சம்னு வச்சுக்கோங்க. அக்ரிமெண்ட் போடும்போது ஆளுக்கு 50,000 செக்காவே குடுக்கலாம், அது கிளியர் ஆக நாள் இருக்கு, நிலமும் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு. மிச்சம் ஆளுக்கு 5,50,000, அதுக்கு மூணு தனித்தனி டிடி. எல்லாத்தையும் அண்ணன் பேருல ஒரே டிடியா எடுத்துட்டா தங்கச்சிமாரு கையெழுத்துப் போட வரமாட்டாங்க, நம்ம ஊர்ல இந்தச் சண்டை பாக்காதவங்க யாரு!

பேரு விஷயத்துலதான் நெறைய பேரு மாட்டுவாங்க. ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கும், பாஸ்புக்குல வெறும் இனிஷியல் இருக்கும். பாஸ்புக் முதல் பக்கத்த வாட்ஸப்புல வாங்கி அதுல உள்ள ஸ்பெல்லிங்லயே டிடி எடுங்க. 50,000-மோ அதுக்கு மேலயோ ரொக்கம் கட்டி டிடி எடுக்க முடியாது, கணக்குல இருந்துதான் போகணும், அதனால உங்க என்ஆர்இ கணக்குக்கு அப்பாவையோ அண்ணனையோ உங்களுக்குப் பதிலா கணக்க நடத்துற மேண்டேட் ஹோல்டரா முன்னாடியே போட்டு வைங்க.

பத்திரம் எழுதறவருகிட்ட டிடி நம்பர், தேதி, பேங்க் கிளை எல்லாம் குடுத்து பத்திரத்துல ஏத்தச் சொல்லுங்க. விக்கிறவருக்கு மொதல்ல ஜெராக்ஸ் மட்டும் போதும், போலி டிடியும் உண்டுங்கறதால அவரு கிளைக்குப் போய் விசாரிச்சாலும் தப்பில்ல. ஒரிஜினல் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போடும்போதுதான் கை மாறணும். சர்வர் படுத்து பத்திரம் தள்ளிப்போனா ஒரிஜினல நம்ம ஆளே வீட்டுக்குக் கொண்டுவரட்டும், 3 மாசம் செல்லும், கச்சவடமே நடக்கலன்னா பேங்குல திருப்பிக் குடுத்து கேன்சல் பண்ணினா சின்ன கட்டணம் போக பணம் கணக்குக்கே வந்துரும்.

இதுக்கு நேர் எதிரா, தவணைக்கு விக்கிறவரு பின்தேதி போட்ட செக்தான் கேப்பாரு, ஏன்னா டிடியில பின்தேதி போட முடியாது. அப்பிடி குடுத்தா ஒவ்வொரு தேதிக்கும் முன்னாடி கணக்குல பணம் கிடக்கணும், திரும்புச்சுன்னா அந்த 138 நம்ம பேருக்குத்தான்.