ஊர்ப் பாதைக்கு மதகு: ஓரம் அரிக்காமல் போடுவது எப்படி?

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாதை. ஐப்பசி மழை கொட்டிய மறுநாள் போய்ப் பார்த்தேன். இரண்டடி ஹியூம் பைப் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. பள்ளத்துப் பக்கம் பாதை ஓரம் மட்டும் நாலடிக்கு உள்வாங்கியிருந்தது. பைப்பின் நுனி துருத்திக்கொண்டு அந்தரத்தில் நின்றது. லயத்துக்கு ஓட்டோ போக வழியில்லை.

மலையகத்தில் நான் பார்த்த பெரும்பாலான மதகுகளின் கதை இதுதான். அதனால் இந்த ஒன்றையே வைத்து, திரும்பப் போடுவதானால் எப்படிப் போட வேண்டும் என்று சொல்கிறேன்.

முதல் படி: எவ்வளவு தண்ணீர் வரும்?

மேலே ஏறி, எந்த மலைச்சரிவுத் தண்ணீர் இந்தக் கானில் வந்து விழுகிறது என்று நடந்து பாருங்கள். இங்கே சுமார் 10 ஏக்கர் தேயிலை, அதாவது 4 ஹெக்டேர். விழுகிற மழையில் பாதி ஓடி வரும், கொட்டும் நேரத்தில் மழை மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

```
Q = C × i × A ÷ 360
  = 0.5 × 100 × 4 ÷ 360 = 0.56
```

C ஓடி வரும் பங்கு, i மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை, A எத்தனை ஹெக்டேர், Q வரும் தண்ணீர். விடை நொடிக்கு சுமார் 0.56 கன மீட்டர். ஒவ்வொரு நொடியும் கிட்டத்தட்ட மூன்று எண்ணெய்ப் பீப்பாய் தண்ணீர். இரண்டடி பைப் இதை விழுங்க வேண்டுமானால் வாயில் தண்ணீர் மூன்றடி உயரத்துக்குத் தேங்கி நிற்க வேண்டும். ஒரு சவுக்குக் கிளை குறுக்கே விழுந்தால் போதும், தண்ணீர் பாதைமேல் ஏறிவிடும். மூன்றடி பைப் என்றால் வாய் நிரம்பாமலே கடந்துவிடும்.

இரண்டாம் படி: பைப்பா, பெட்டியா?

பைப் மலிவு, இரண்டு மூன்று நாளில் வேலை முடியும். ஆனால் அதன்மேல் குறைந்தது ஒன்றிலிருந்து இரண்டடி மண் வேண்டும். பாதை தாழ்வாக இருந்தால் மூன்றடி பைப்புக்கு இடமே இருக்காது. பெட்டி மதகு என்பது கம்பி கட்டிய கொங்கிரீட்டில் சதுர வாய் வைத்துக் கட்டுவது; அதன் மேல்பலகையிலேயே வண்டி ஓடலாம். கிளையும் கல்லும் வந்தாலும் அகலமான வாயில் புகுந்து போகும். ஆள் குனிந்து போய்த் துப்புரவு செய்யலாம். செலவு கூடும், கம்பி கட்டத் தெரிந்த மேசன் வேண்டும். கல்லும் கிளையும் அடித்து வருகிற ஓடையானால் நான் பெட்டியைத்தான் சொல்வேன். கம்பி அளவைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்காமல் ஊகத்தில் போட்டுவிட வேண்டாம்.

மூன்றாம் படி: பக்கத்து மண்

பைப்பில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உருண்டையின் அடிவயிற்றுக்குக் கீழே இடிகட்டை போகாது. அங்கே மண் பொருபொருவென்று கிடக்கும், தண்ணீர் பைப்புக்கு வெளியே ஒட்டிக்கொண்டு அதில் வழி தேடும். முதலில் ஒரு விரல் அகலத் துளை, ஒரு மழைக்காலத்தில் எலி வளை, அப்புறம் பாதை பொத்தென்று உள்ளே விழும். இதற்குத்தான் பைப்பின் அடியில் கால் பங்கு உயரத்துக்குக் கொங்கிரீட் இட்டு, மேல் மண்ணை ஆறு அங்குலத்துக்கு ஒரு படையாக, இரண்டு பக்கமும் சமமாக இடிக்கச் சொல்வது. பெட்டியின் சுவர் நேராக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

நான்காம் படி: ஓரம்

இங்கேதான் காசு போட வேண்டும், இங்கேதான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். சரிவில் கிடக்கும் பைப்பை விட்டுத் தண்ணீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்கிறது; வெறும் மண் ஒரு மீட்டருக்கே கரையத் தொடங்கும். அந்தத் தோட்டத்தில் அது மூன்றடி கீழே வெறும் மண்ணில் விழுந்தது. விழுந்த இடத்தில் குழி, குழியின் சுவர் பின்னோக்கிச் சரிந்து, பைப்பின் வாயைச் சுற்றிக் கட்டிய முகப்புச் சுவரின் அடி வெளியே தெரிந்தது, சுவர் சாய்ந்ததும் அதன் பின்னாலிருந்த மண்ணும் போய்விட்டது.

ஆகவே வெளிவாயை ஓடையின் மட்டத்துக்கே கொண்டுபோய் இறக்குங்கள். அதற்கு முன்னால் ஏழெட்டு அடி நீளத்துக்குக் கருங்கல் பதித்த தளம் போடுங்கள். தளத்தின் கடைசி விளிம்பில் இரண்டு மூன்றடி ஆழத்துக்கு ஓர் அடிச்சுவர் இறங்க வேண்டும். அது இல்லாத தளம் விளிம்பிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழன்றுவிடும். முகப்புச் சுவரின் இரண்டு நுனியிலிருந்தும் சிறகுச் சுவரைச் சாய்வாகக் கரைக்குள் செருகுங்கள். நேராக வெட்டி நிறுத்தினால் அந்த முனையைச் சுற்றித்தான் தண்ணீர் தோண்டும்.

பாதை ஓரக் கானையும் மறக்காதீர்கள். அது பள்ளத்துப் பக்கச் சிறகுச் சுவருக்கு வெளியே மண்ணில் விழுந்தால் மேலே சொன்னதெல்லாம் வீண். அதைத் தளத்துக்குள்ளேயே கொண்டுவந்து விடுங்கள்.

முதல் பெருமழை ஓய்ந்ததும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு போய், சிறகுச் சுவரின் பின்பக்க மண்ணில் குத்திப் பாருங்கள். கை முட்டிவரை சுலபமாக இறங்கினால் உள்ளே பொந்து விழுந்திருக்கிறது. அந்த வாரமே தோண்டி இடித்து மூடிவிடுங்கள்.