பேச்சு எழுதும் முன் கேட்பவர்களைக் கேளுங்கள்: அதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாற்பது பேருக்கு ‘ஆன்டிபயாடிக் எதிர்ப்பு’ பற்றி, அதாவது பாக்டீரியா ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதைப் பற்றி, அரை மணி நேரம் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யாரும் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு என்பதிலிருந்தா? 1928-இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்த கதையிலிருந்தா? எதிர்ப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் விதத்திலிருந்தா? எது சரி என்பது அந்த நாற்பது பேர் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ள அவர்களிடமே கேட்க வேண்டும். பலர் கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் கேட்கும் விதத்தில் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

‘உங்களுக்கு எவ்வளவு தெரியும்?’ என்று கேட்பது

பேச்சுக்கு முன்பு அனுப்பப்படும் படிவங்களில் அதிகம் வரும் கேள்வி இதுதான்: ‘இந்தத் தலைப்பில் உங்கள் அறிவை 1 முதல் 5 வரை மதிப்பிடுங்கள்.’ இதற்கு வரும் பதிலை வைத்துப் பேச்சில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. ஒருவர் 3 என்று எழுதியிருக்கிறார். சரி, அவரிடம் பாக்டீரியாவை விளக்க வேண்டுமா, வேண்டாமா? அந்த எண்ணில் அதற்குப் பதில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பெயர் காதுக்குப் பழகிவிட்டால், அது புரிந்துவிட்டதாகவே நமக்குத் தோன்றும். ரோசன்ப்ளிட், கீல் என்ற இரு உளவியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். ஜிப், கழிப்பறை ஃப்ளஷ் மாதிரி தினமும் கையாளும் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது எந்த அளவுக்குப் புரியும் என்று முதலில் மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு அதைப் படிப்படியாக எழுதி விளக்கச் சொன்னார்கள். எழுதிப் பார்த்ததும், பங்கேற்றவர்கள் தங்கள் புரிதலுக்குக் கொடுத்த மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். உங்கள் படிவத்தில் 4 போட்டவரும் விளக்கிப் பார்ப்பதற்கு முந்தைய நிலையில்தான் இருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே அது தெரியாது.

ஆகவே அறிவை மதிப்பிடச் சொல்வதற்குப் பதிலாக, அந்த அறிவைப் பயன்படுத்த வைக்கும் கேள்வி ஒன்றைக் கொடுங்கள். நம் தலைப்புக்கு மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: ‘சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் எடுத்தால் என்ன ஆகும்? சீக்கிரம் குணமாகும் / பலன் இருக்காது / தெரியாது.’

இரண்டாவது: ‘ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றால், எதிர்ப்பைப் பெறுவது எது? நம் உடல் / பாக்டீரியா / தெரியாது.’

மூன்றாவது: ‘வாழ்நாளில் ஒருமுறைகூட ஆன்டிபயாடிக் எடுக்காத ஒருவருக்கு, ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத தொற்று வர முடியுமா? முடியும் / முடியாது / தெரியாது. ஏன் என்று ஒரு வரியில் எழுதுங்கள்.’

மூன்றில் இந்தக் கடைசிக் கேள்விதான் அதிக வேலை செய்கிறது. இதற்கான பதிலை யாரும் மனப்பாடமாக வைத்திருக்க மாட்டார்கள். யோசித்துத்தான் சொல்ல வேண்டும். உடல்தான் மருந்துக்குப் பழகிவிடுகிறது என்று நினைப்பவர் இயல்பாகவே ‘முடியாது’ என்பார். மாறுவது பாக்டீரியா என்றும், அந்த மாறிய பாக்டீரியா ஆளுக்கு ஆள் தொற்றும் என்றும் புரிந்தவர் ‘முடியும்’ என்பார். ஒரே கேள்வியில் உள்ளே இருக்கும் எண்ணம் வெளியே வந்துவிடுகிறது. அந்த ‘ஏன்’ வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தப்பான காரணத்துக்காகச் சரியான பதிலைத் தேர்ந்தவர்கள் அங்கேதான் அகப்படுவார்கள்.

‘தெரியாது’ என்ற வாய்ப்பையும் கட்டாயம் வையுங்கள். அது இல்லாவிட்டால் தெரியாதவரும் ஏதாவது ஒன்றைக் குறித்துத்தான் ஆக வேண்டும். இரண்டே வாய்ப்புகள் என்றால் பாதிப் பேர் தற்செயலாகவே சரியாகச் சொல்லிவிடுவார்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். கூட்டத்தில் கையைத் தூக்கச் சொல்வதும் இதற்கு உதவாது. பாதிக் கைகள் பக்கத்துக் கையைப் பார்த்துவிட்டுத்தான் எழும்பும்.

கேள்வியிலேயே பதிலைச் சொல்லிவிடுவது

‘ஆன்டிபயாடிக் வைரஸிடம் வேலை செய்யாது என்பது உங்களுக்குத் தெரியுமா?’ நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் இதைப் படித்து முடிப்பதற்குள் படிப்பவருக்குப் பதில் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு ‘தெரியும்’ என்று குறிக்காமல் இருக்க யாருக்கு மனம் வரும்? ‘முழுக் கோர்ஸையும் முடிக்காமல் மாத்திரையை நிறுத்துவது சரியா?’ என்ற கேள்வியும் இந்த வகைதான். கேட்கும் தொனியே ‘தப்பு’ என்று சொல்லிவிடுகிறது. எந்தப் பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேள்வியைப் பார்த்து ஒருவரால் ஊகிக்க முடிந்தால், அந்தக் கேள்வியைத் திருப்பி எழுத வேண்டும்.

தெரியாததையும் தவறாகத் தெரிந்ததையும் ஒன்றாக எண்ணுவது

பேச்சைக் கெடுக்கும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். பதில்களைச் ‘சரி’, ‘தவறு’ என்று இரண்டே கட்டங்களில் போட்டுவிட்டு, தவறு அதிகமாக இருந்தால் அடிப்படையிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் ‘தெரியாது’ என்று குறித்தவருக்கும் ‘உடல்’ என்று குறித்தவருக்கும் தேவைப்படுவது வேறு வேறு. முதலாமவருக்கு எடுத்துச் சொன்னால் போதும். இரண்டாமவரிடம் ஏற்கெனவே ஒரு விளக்கம் இருக்கிறது. நீங்கள் சொல்வதையெல்லாம் அவர் அந்த விளக்கத்துக்குள்ளேயே பொருத்திக்கொள்வார். ‘தேவையில்லாமல் எடுக்காதீர்கள்’ என்று நீங்கள் சொன்னால், ‘ஆமாம், உடம்புக்குப் பழகிவிடும்’ என்று தலையாட்டுவார். நீங்களும் புரிந்துவிட்டது என்று நம்பி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவீர்கள்.

இது அரிதாக நடப்பதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் 12 நாடுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், உடல்தான் ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பைப் பெறுகிறது என்று 76 சதவீதம் பேர் நினைத்தார்கள். ஜலதோஷத்துக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் எடுக்கலாம் என்று 64 சதவீதம் பேர் நினைத்தார்கள். இரண்டுக்குமே காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. இந்த எண்களைப் பார்த்துவிட்டு ‘அப்படியானால் என் கூட்டமும் இதே மாதிரிதான்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்தத் தவறான எண்ணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று இந்தக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அது உங்கள் நாற்பது பேரிடம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்டுப் பார்த்ததில் 36 பேர் பதில் அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜலதோஷக் கேள்விக்கு 28 பேர் ‘பலன் இருக்காது’ என்கிறார்கள். இரண்டாவதில் 20 பேர் ‘உடல்’, 11 பேர் ‘பாக்டீரியா’, 5 பேர் ‘தெரியாது’. மூன்றாவதில் 8 பேர்தான் ‘முடியும்’ என்கிறார்கள். அந்த 8 பேரிலும் மூன்று பேர் எழுதிய காரணம், ‘அவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கலாம்.’

இப்போது பேச்சு கிட்டத்தட்ட தானாகவே வடிவம் பெறுகிறது. வைரஸ், பாக்டீரியா வித்தியாசத்துக்கு ஒதுக்க நினைத்திருந்த எட்டு நிமிடம் தேவையில்லை. 28 பேருக்கு அதன் விளைவாவது தெரிந்திருக்கிறது, ஒரு நிமிட நினைவூட்டல் போதும். ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை எடுத்த எடுப்பில் பயன்படுத்தவும் கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தியும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் சிலருக்கு ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று அந்த மூன்று வரிகள் காட்டிவிட்டனவே. அதனால் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ‘ஆன்டிபயாடிக்கே எடுக்காத ஒருவருக்கு, அதற்குக் கட்டுப்படாத தொற்று வர முடியாது என்று உங்களில் பலர் சொல்லியிருந்தீர்கள். வரும். எப்படி என்று பார்க்கலாம்.’ அதன் பிறகு, கோடிக்கணக்கான பாக்டீரியாவில் ஒரு சில மட்டும் மருந்தைத் தாங்குவது, மற்றவை செத்த பிறகு அந்தச் சில பெருகுவது, அவை இன்னொருவர் உடலுக்குள் போவது என்று வரிசையாகச் சொன்னால் ‘உடல் பழகிவிடுகிறது’ என்ற எண்ணத்துக்கு இடமே இருக்காது. ஆனால் அந்த எண்ணத்தின் பெயரையும் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: ‘மாறுவது உங்கள் உடல் இல்லை.’ சொல்லாமல் விட்டால் பழைய விளக்கமும் புதிய விளக்கமும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கும்.

ஏற்பாட்டாளரிடம் மட்டும் கேட்பது

‘எல்லாருக்கும் அடிப்படை தெரியும், நேராக விஷயத்துக்குப் போய்விடுங்கள்’ என்று ஏற்பாடு செய்பவர் சொல்வார். பெரும்பாலும் அவர் தன்னை வைத்தும், தன்னோடு பேசும் இரண்டு ஆர்வக்காரர்களை வைத்தும் சொல்கிறார். அவரிடம் கேட்கலாம், ஆனால் கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். இதற்கு முன்பு இந்தத் தலைப்பில் யாராவது பேசினார்களா? கடைசியில் என்ன கேள்விகள் வந்தன? ‘ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் உடம்பு சூடாகுமா?’ என்று கேட்டார்கள் என்று தெரிந்தால் அதுவே பெரிய தகவல். படிவம் அனுப்ப வழியே இல்லை என்றால், கேட்க வரும் நான்கைந்து பேரின் எண்ணை வாங்கி ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுங்கள். ஆர்வக்காரர்களாகவே பார்த்துக் கொடுத்துவிடுவார்கள், ஆகவே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவரும் இருக்கட்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

படிவத்துக்கும் இதே ஓரவஞ்சனை உண்டு. நாற்பது பேரில் பன்னிரண்டு பேர்தான் பதில் அனுப்பினால், அந்தப் பன்னிரண்டு பேர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிந்தவர்களாக இருக்கத்தான் வாய்ப்பு.

சராசரியை நோக்கி எழுதுவது

கூட்டத்தில் பாதிப் பேர் செவிலியர்கள், பாதிப் பேர் கணக்குப் பிரிவு என்றால், நடுத்தரமாக எழுதும் பேச்சு இரண்டு பக்கமும் ஒட்டாது. செவிலியர்களுக்கு அது சலிப்பு மட்டுமில்லை. புதியவர்களுக்கு உதவும் விரிவான விளக்கம், ஏற்கெனவே தெரிந்தவர்களின் கற்றலைக் குறைக்கவும் செய்யும் என்று கல்வி உளவியலாளர்களான ஸ்லாவா கல்யுகா, ஜான் ஸ்வெல்லர் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முடிந்தால் இரண்டு பேச்சாகப் பிரியுங்கள். முடியாவிட்டால் ஒரு பக்கத்தைத் தேர்ந்து அவர்களுக்காக எழுதுங்கள், மறுபக்கத்துக்குத் தேவையான அடிப்படையை முன்கூட்டியே ஒரு பக்கத் தாளில் கொடுத்துவிடுங்கள்.

எழுதி முடித்த பிறகு கேட்பது

வரைவு தயாரான பிறகு கேள்விகளை அனுப்பினால், பதில்களை நேர்மையாகப் படிக்க முடியாது. ஃப்ளெமிங் கதையை அழகாக எழுதி வைத்திருப்பீர்கள். அது தேவையில்லை என்று பதில்கள் சொன்னாலும் வெட்டக் கை வராது. கேள்விகள் பத்து நாள் முன்பே போகட்டும், பதில்கள் வரும்வரை குறிப்பு எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி நேரத்தில்தான் பேச அழைத்தார்கள், எதுவும் கேட்க முடியவில்லை என்றால் தொடக்கத்தை மட்டும் இரண்டு விதமாகத் தயாரியுங்கள்: பாக்டீரியா, வைரஸ் வித்தியாசத்திலிருந்து ஒன்று, எதிர்ப்பு பரவுவதிலிருந்து இன்னொன்று. அரை மணி முன்னதாகப் போய், சீக்கிரம் வந்து உட்கார்ந்திருக்கும் மூன்று பேரிடம் தனித்தனியாக அந்த மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். ஒருவராவது பாக்டீரியா பரவுவதைப் பற்றிப் பேசினால் இரண்டாவது தொடக்கத்தை எடுக்கலாம். மூவருமே ‘கிருமி என்றால் எல்லாம் ஒன்றுதானே’ என்கிற மாதிரி பதில் சொன்னால் முதலாவது.