பேரணிப் படத்தில் கொடியைப் படிப்பது: நான் தடுக்கி விழுந்த இடம்

ஒரு பழைய படத்துக்குக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. தெரு நிறையக் கூட்டம். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு நிறங்களில் கொடிகள். ‘அயர்லாந்துப் பேரணி’ என்று எழுதிவிட்டேன். தவறு. அவை மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டின் கொடிகள்.

முதலில் முகங்களை விட்டுவிடுங்கள். அவர் யார் என்று தேடத் தொடங்கினால் கொடியைப் பார்க்க மறந்துபோகும். துணிகளையும் எழுத்துகளையும் மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்தது கம்பம். இரண்டு நாட்டுக் கொடிகளிலும் அதே மூன்று நிறங்கள்தான். கம்பத்தை ஒட்டிப் பச்சை இருந்தால் அயர்லாந்து, ஆரஞ்சு இருந்தால் ஐவரி கோஸ்ட். நான் கம்பத்தைப் பார்க்காமல் இடமிருந்து வலமாகப் படித்தேன். கொடியின் பின்பக்கம் நம்மை நோக்கியிருந்தால் வரிசை தலைகீழாகிவிடும். படமே கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பியிருந்தாலும் அதே கதைதான். ஆனால் கம்பத்தை ஒட்டிய நிறம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறாது.

நிறத்தை நம்பும் முன் வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். அது மஞ்சளாகத் தெரிந்தால் தெருவிளக்கு எல்லா நிறங்களையும் திரித்திருக்கிறது. அப்போது ஆரஞ்சு சிவப்பாகத் தோன்றினால், அயர்லாந்துக் கொடி இத்தாலியின் கொடியாகிவிடும். நிறத்தைத் தூக்கிக்காட்டும் வடிப்பான்களை நான் தொடுவதே இல்லை. அவையும் இதே குழப்பத்தைத்தான் செய்கின்றன. கைபேசியில் படத்தைப் பெரிதாக்கும் வசதி போதும்.

பதாகையில் பாதிச் சொல்தான் தெரிந்தது: ‘சாம்பியன்ஸ்’. ஆங்கிலம் என்று எண்ணிக்கொண்டேன். பிரெஞ்சிலும் அதே எழுத்துகள்தான்! ஓர் ஓரத்தில் ‘e’ எழுத்தின் தலையில் சாய்கோடு இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பிரெஞ்சு, ஐவரி கோஸ்டின் ஆட்சிமொழி.

கடைசியாக உடை. பலர் ஒரே ஆரஞ்சுச் சட்டை அணிந்திருந்தார்கள். அந்நாட்டுக் கால்பந்து அணியின் சீருடை நிறம் ஆரஞ்சு. அயர்லாந்து அணிக்கோ பச்சை. ஆக, அரசியல் பேரணியாக இருக்க வாய்ப்பு குறைவு. ‘ஐவரி கோஸ்ட் ஆதரவாளர்களின் வெற்றிக் கொண்டாட்டம் போலத் தெரிகிறது’ என்று குறிப்பைத் திருத்தினேன். ‘போல’ என்ற சொல் அங்கே இருந்தே ஆக வேண்டும். எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கொடி சொல்லாது: இந்த அணி 1992, 2015, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றிருக்கிறது. ஆதரவாளர்கள் எந்த நாட்டுத் தெருவிலும் கொண்டாடலாம்.

பின்சேர்க்கை: கொடியைத் தோளில் போர்த்தியிருந்தால் என்ன செய்வது என்று நண்பர் ஒருவர் கேட்டார். துணியின் ஒரு விளிம்பில் கம்பம் நுழையும் உறையோ கயிறு கட்டும் வளையமோ இருந்தால் அதுவே கம்பப் பக்கம். இரண்டும் தெரியாவிட்டால் அந்தத் துணியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.