ஹோஸ்டிங் மாற்றும்போது பாட்காஸ்டில் நடக்கும் தவறுகள்

பாட்காஸ்ட் தளத்தில் கண்ணுக்குத் தெரிவது எபிசோட் பக்கமும் பிளேயரும் சப்ஸ்கிரைப் பட்டன்களும்தான். கேட்பவரின் செயலி அவற்றை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது படிப்பது, எபிசோடுகளின் விவரங்கள் அடங்கிய ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்ற கோப்பை மட்டும். ஆடியோவையும் ஃபீடையும் இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் மாறும்போது பெரிய சேதமெல்லாம் அந்தக் கோப்பில்தான் நடக்கும்.

மோசமான தவறு, எபிசோடின் அடையாளக் குறியை மாற்றிவிடுவது. ஃபீடில் ஒவ்வொரு எபிசோடுக்கும் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
<guid isPermaLink="false">ep-0042</guid>
```

ஒரு எபிசோடை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமா என்பதைச் செயலி இந்தக் குறியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. தலைப்பை மாற்றலாம், ஆடியோவைத் திருத்தி ஏற்றலாம், குறியை மட்டும் தொடக்கூடாது. 80 எபிசோடுகள் உள்ள ஒரு நிகழ்ச்சி இடம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய நிறுவனம் தன் பங்குக்குப் புதுக் குறிகளைப் போட்டுவிட்டால், 80-உம் புது எபிசோடுகளாகச் சந்தாதாரர்களின் பட்டியலில் வந்து குவியும். கேட்டு முடித்தவையும் கேட்காதவை ஆகிவிடும். தானாகப் பதிவிறக்கும்படி வைத்திருப்பவர் எரிச்சலில் சந்தாவையே நீக்கிவிடுவார். குறியே இல்லாத ஃபீட் என்றால், ஆப்பிள் ஆடியோ கோப்பின் முகவரியையே குறியாக எடுத்துக்கொள்ளும். முகவரி மாறினால் அங்கும் இதே கதைதான். அதனால் மாறும் முன் பழைய ஃபீடை ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாலைந்து எபிசோடுகளின் குறிகளாவது ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது, பழைய ஃபீட் முகவரியை அப்படியே கைவிடுவது. அது புதிய முகவரிக்கு 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பல் தர வேண்டும். 302 என்றால் தற்காலிகம் என்று அர்த்தம். செயலி பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். கீழே உள்ள முகவரிக்குப் பதிலாக உங்கள் பழைய ஃபீடின் முகவரியைப் போட்டு இப்படிச் சோதிக்கலாம்:

```
curl -I https://example.com/feed.xml
```

விடையில் 301-உம், `location` வரியில் புதிய முகவரியும் வர வேண்டும். புதிய ஃபீடில் `<itunes:new-feed-url>` வரியையும் புதிய முகவரியோடு சேர்த்துவிடுங்கள். இரண்டையும் குறைந்தது 4 வாரம் வைத்திருக்கச் சொல்கிறது ஆப்பிள். எப்போதாவது செயலியைத் திறப்பவர்களுக்கு அது போதாது. முடிந்தவரை நீட்டிப்பதே நல்லது.

சிலர் திசைதிருப்பலை விட்டுவிட்டு, நிகழ்ச்சியைச் செயலிகளில் புதிதாகப் பதிவு செய்கிறார்கள். அப்போது ஒரே பெயரில் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கும். சந்தாதாரர்கள் பழையதிலேயே நின்றுவிடுவார்கள். முறையாகத் திசைதிருப்பினால் ஆப்பிள் பட்டனின் இணைப்பு மாறாது. தளத்தில் உள்ள ஆர்.எஸ்.எஸ். பட்டனை மட்டும் நீங்களே கையால் மாற்ற வேண்டும்.

பழைய எபிசோட் பக்கங்களின் பிளேயரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது முந்தைய நிறுவனத்திடமிருந்து வரும் சட்டகம் என்பதால், ஃபீடைத் திருப்பினாலும் அது திரும்பாது. கணக்கை மூடிய அன்றே அந்த இடம் வெறும் பெட்டியாகிவிடும். முதல் எபிசோடு பக்கத்தின் HTML-ஐத் திறந்து, பிளேயரின் `iframe` வரியில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். பழையதாக இருந்தால், எல்லாப் பக்கங்களிலும் மாற்றி முடித்த பிறகே கணக்கை மூடுங்கள்.