ஒரே நாளில் நாற்பது பேருக்கு எழுதும்போது: முதல் வரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சி நார் மில் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த இருவர், கேரள நர்சரிகளுக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததைச் சென்ற மாதம் அருகில் இருந்து பார்த்தேன். விற்பது தென்னை நார்க்கழிவுக் கட்டி. எங்கள் ஊரில் அதைப் பித் என்போம். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்கள் வரிசை மாறாமல் செய்தார்கள். பெயரில் எழுத்துப்பிழை, விட்டுப்போன இடம் போன்றவற்றை ஒருமுறை படித்தாலே பிடித்துவிடலாம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துளை போட்ட பாராட்டு

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். அன்று நான் எழுதிய முதல் வரி இது: “... நர்சரியின் செடிகளின் தரம் எங்களை மிகவும் கவர்ந்தது.” புள்ளியிட்ட இடத்தில் பட்டியலிலிருந்து பெயர் வந்து உட்காரும். மலையாளம் அறிந்த நண்பர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஒரே காலையில் திருச்சூருக்குப் பக்கத்தில் உள்ள மண்ணுத்தியில் மட்டும் நாற்பது நர்சரிகளுக்கு அனுப்பினேன்.

மண்ணுத்தியைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். அங்கே நர்சரிகள் சாலையோரம் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒரு கடையில் இல்லாத கன்றைப் பக்கத்துக் கடையில் வாங்கி விற்பார்கள். நாள் முழுக்கப் பேச்சு இருக்கும். பத்து நாள் கழித்து நான் நேரில் போனபோது, ஒரு முதியவர் தன் கைபேசியையும் பக்கத்துக் கடைக்காரரின் கைபேசியையும் மேசையில் இணையாக வைத்தார். பெயரைத் தவிர எல்லாம் ஒன்று. “நீங்கள் எங்கள் கடைக்கு வந்து செடியைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். வந்ததில்லை. மழைக்கு முன் பைகளுக்குக் கலவை வாங்கும் காலம் அது. அந்தப் பருவத்தில் மண்ணுத்தியிலிருந்து எங்களுக்கு ஒரு ஆர்டரும் வரவில்லை.

பெயரை மாற்றினால் வரி சொந்தமாகிவிடும் என்று நம்பியதுதான் பிழை. பெயர் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. அதை அறிய ஒருவர் எதையும் பார்த்திருக்கத் தேவையில்லை. “தரம் கவர்ந்தது” என்பதிலும் பார்த்த அடையாளம் இல்லை. முதல் வரியை அப்படியே பக்கத்துக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கேயும் அது பொருந்தினால் அது எவருக்கும் உரியதல்ல.

இப்போது நான் செய்வது இதுதான். விரிதாளில் போட்ட பட்டியலில் நான்கு பத்திகள்: பெயர், அழைக்கும் பெயர், பார்த்தது, பார்த்த தேதி. மூன்றாவது பத்தியில் என் கருத்து எதுவும் வராது. கண்ணால் கண்டது மட்டும் வரும். ஒரு நர்சரியின் பேஸ்புக் பக்கத்தில், ஏப்ரல் கடைசியில் போட்ட படத்தில், புதர் மிளகுக் கன்றுகள் கறுப்புப் பைகளில் இருந்தன. பையின் வாயில் முழுக்கச் செம்மண் தெரிந்தது. அதை அப்படியே குறித்தேன். அதிலிருந்து எழுதிய வரி:

“ஏப்ரல் கடைசியில் நீங்கள் போட்ட படத்தில் புதர் மிளகுப் பைகளில் செம்மண் கலவையைப் பார்த்தேன், மழைக்காலத்தில் அது இறுகித் தண்ணீர் தேங்குகிறதா?”

அடுத்த வரியிலேயே சரக்கு வந்துவிடும்: 5 கிலோ கட்டி நீரில் ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் பித் ஆகும், அதை மண்ணோடு கலந்தால் கலவை இளகி வேருக்குக் காற்று கிடைக்கும். முதல் வரியை நீக்கினால் இரண்டாவது வரி அந்தரத்தில் தொங்க வேண்டும். தொங்காமல் நின்றால் முதல் வரி ஒட்டவைத்த அலங்காரம். படிப்பவர் அதை உடனே உணர்ந்துவிடுவார். கேள்வியாக எழுதியதற்கும் காரணம் உண்டு. “உங்கள் கலவை சரியில்லை” என்று தொடங்கினால், முப்பது ஆண்டு செடி வளர்த்தவருக்குப் பாடம் எடுப்பதாகிவிடும்.

ஒருவருக்கு நான்கு நிமிடம் ஆகும். நாற்பது பேருக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அனுப்பும் முன், எழுதியவை உண்மையிலேயே வேறு வேறா என்று பார்க்க, “பார்த்தது” பத்திக்கு எதிரே இதைப் போடுகிறேன்:

```
=COUNTIF(C:C,C2)
```

1-க்கு மேல் வந்தால் அந்த வரி இரண்டு பேருக்குப் போகிறது என்று பொருள். இதற்காகவே அந்தப் பத்தியில் பெயரைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் ஒரே வாக்கியம் நாற்பது வாக்கியமாக வேடம் போட்டுவிடும். இந்தக் கணக்கு சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதை மட்டுமே பிடிக்கும். “படத்தில் பார்த்தேன், படத்தில் பார்த்தேன்” என்று ஒரே அச்சில் வருவதைப் பிடிக்க, முதல் வரிகளை மட்டும் மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காத கடைகள் இருக்கும். பேஸ்புக் பக்கம் இல்லை, படம் இல்லை. அவர்களுக்குப் பொய்யாக எதையும் புனையாதீர்கள். “மண்ணுத்தியில் காய்கறி நாற்று வளர்க்கும் சிலருக்கு இதை எழுதுகிறேன்” என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். பலருக்கு அனுப்பியதை ஒப்புக்கொண்ட செய்திக்கு எனக்குப் பதில் வந்திருக்கிறது. ஒருவருக்கு மட்டும் எழுதியதாக நடித்த செய்திக்கு மரியாதை போனதுதான் மிச்சம்.

பெயரின் முதல் சொல்லை வெட்டி எடுப்பது

எல்லையைத் தாண்டினால் இது தவறாமல் சறுக்கும். நம் ஊரில் “எஸ். முருகேசன்” என்பதில் முதல் சொல்லை எடுத்தால் “எஸ்., வணக்கம்” என்று போகும். கேரளத்தில் தலைப்பெழுத்து பலருக்குப் பின்னால் வரும், அங்கே கடைசிச் சொல்லை எடுத்தால் “பி.கே., வணக்கம்” ஆகிவிடும். ஆந்திரத்தில் வீட்டுப் பெயர் முன்னால் நிற்கிறது. சித்தூர்ப் பக்கத்து வியாபாரியை முதல் சொல்லால் அழைத்தால் அவர் குடும்பத்தையே அழைத்ததாகும். கணினிக்கு இதை விடாதீர்கள். அழைக்கும் பெயரைக் கையால் தட்டச்சு செய்யுங்கள்; தெலுங்கருக்கு அதோடு “காரு” சேருங்கள்.

மாநிலத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்வது

பாலக்காடு மாவட்டம் என்பதற்காகக் கொழிஞ்சாம்பாறைக்கு மலையாளத்தில் அனுப்பினார்கள் அந்த இருவரும். அங்கே வீட்டில் தமிழ் பேசுபவர்கள் ஏராளம். மொழி தவறினால் முதல் வரியில் எவ்வளவு கவனித்து எழுதியிருந்தாலும் பயனில்லை. ஊர்ப் பெயரைப் பாருங்கள், முடிந்தால் கடையின் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று படத்தில் பாருங்கள்.

“நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்குவது

பூட்டிய கைபேசித் திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும். நீங்கள் பார்த்ததைச் சொல்ல அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள்.

குடும்பப் படங்கள்

மகள் திருமணப் படத்தைப் பார்த்தேன் என்று வியாபாரக் கடிதத்தில் எழுதாதீர்கள்.

“சென்ற வாரம்”

குறித்த நாளுக்கும் அனுப்பும் நாளுக்கும் இடையே மூன்று வாரம் போய்விடும். சென்ற வாரம் அவர் எதையும் போட்டிருக்க மாட்டார். மாதத்தை எழுதுங்கள், தேதிப் பத்தி இருப்பது அதற்குத்தான்.